எழுந்து, குளித்து, போய், வாங்கி: வினையெச்சத் தொடரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

ஏழெட்டு வினைகளை வரிசையாகக் கோத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு வினைமுற்று வைத்து முடிப்பது தமிழில் அன்றாட வழக்கம். 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பிப் போனான்' என்பதில் போனான் ஒன்றுதான் முற்று. மற்றவை எல்லாம் வினையெச்சம், அதாவது வினை முடியாமல் எஞ்சி நிற்பது. ஆங்கிலத்தில் இப்படி ஒரே அச்சில் வார்த்த வடிவம் கிடையாது. அதனால் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு எச்சத்துக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதுதான் இங்கே விஷயம். (ஆங்கில வாக்கியங்களை உச்சரிப்பாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். பயிற்சி செய்யும்போது நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பாருங்கள்.)

எச்சத்துக்குச் சொந்தக் காலம் இல்லை

'வந்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வந்து பார்த்தான், வந்து பார்க்கிறாள், வந்து பார்ப்பார்கள், வந்து பார். நான்கிலும் 'வந்து' மாறவே இல்லை. வந்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நேற்றா நாளையா என்று எதையும் அது சொல்வதில்லை. அடுத்த வினைக்கு முன்னால் இது நடந்தது, அல்லது நடக்கும் என்ற ஒன்றை மட்டும் சொல்கிறது. மற்ற எல்லாவற்றையும் கடைசி முற்றிடமிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது.

வடிவத்தில் இறந்தகாலம் போலத் தெரிவதால்தான் தொடக்கநிலையில் சறுக்கல் வருகிறது. 'வந்து' என்றதும் கை தானாக 'கேம்' என்று எழுதிவிடும். விளைவு: 'ஹி வில் கேம் அண்ட் சீ'. சரியானது 'ஹி வில் கம் அண்ட் சீ'. இதைத் தவிர்க்க வழி எளிது. முதலில் வாக்கியத்தின் கடைசிக்குப் போய் முற்றைப் பாருங்கள். அது இறந்தகாலமானால் எச்சங்களும் ஆங்கிலத்தில் இறந்தகால வினையாகும். எதிர்காலமானால் ஒரே 'வில்' போதும், அதன் பின்னால் எல்லா வினையும் அடிச்சொல்லாக வரும். ஏவலானால் எல்லாமே ஏவல்.

கேள்வியிலும் இதே கதைதான். 'கடைக்குப் போய்ப் பால் வாங்கினாயா?' என்பதற்கு 'டிட் யூ கோ டு த ஷாப் அண்ட் பை மில்க்?' என்று எழுத வேண்டும். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது. 'டிட் யூ வென்ட்' என்று எழுதினால் அதே காலத்தை இரண்டு தரம் சொன்னதாகிறது.

ஆங்கிலத்தில் உள்ள மூன்று வழிகள்

முதல் வழி, இறந்தகால வினைகளை வரிசையாக வைத்துக் கடைசி இரண்டுக்கு நடுவே 'அண்ட்' போடுவது. 'எழுந்து, முகம் கழுவி, காபி குடித்தான்' என்றால் 'ஹி காட் அப், வாஷ்ட் ஹிஸ் ஃபேஸ் அண்ட் ட்ராங்க் ஹிஸ் காஃபி'. பெரும்பாலான வாக்கியங்களுக்கு இதுவே போதும், இதுவே இயல்பாகவும் இருக்கும். 'ஹி' ஒரே ஒரு முறை வந்தால் போதும். ஒவ்வொரு வினைக்கும் முன்னால் அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

இரண்டாவது வழி, முதல் வினையை 'இங்' சேர்த்து முன்னால் வைப்பது. 'கதவைத் திறந்து உள்ளே போனான்' என்பது 'ஓப்பனிங் த டோர், ஹி வென்ட் இன்' ஆகும். ஆனால் இந்த 'இங்' இரண்டு செயலையும் ஒட்டவைக்கிறது. முதல் செயல் முடிந்த கையோடு அடுத்தது நடந்திருக்க வேண்டும். 'காலையில் மதுரையில் சாப்பிட்டு, இரவு சென்னை வந்து சேர்ந்தோம்' என்பதற்கு 'ஈட்டிங் இன் மதுரை, வி ரீச்ட் சென்னை' என்று எழுதினால் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பகல் முழுவதும் கிடக்கிறது. அங்கே முதல் வழிக்கே திரும்பிப் போங்கள்: 'வி ஏட் இன் மதுரை இன் த மார்னிங் அண்ட் ரீச்ட் சென்னை அட் நைட்'.

மூன்றாவது, 'ஹேவிங்' போட்டு எழுதுவது. 'ஹேவிங் ரெட் த லெட்டர், ஷி டோர் இட் அப்'. கடிதத்தை முழுதாகப் படித்து முடித்த பிறகே கிழித்தாள் என்று இது அடித்துச் சொல்கிறது. ஒன்று முற்றிலும் முடிந்ததால்தான் அடுத்தது நடந்தது என்ற இடத்தில் இது நன்றாகப் பொருந்தும். ஆனால் நடை விறைப்பானது. தேர்வில் பாடம் செய்த பழக்கத்தில் எல்லா எச்சத்தையும் 'ஹேவிங்' ஆக்குகிறவர்கள் உண்டு. 'ஹேவிங் காட் அப், ஹேவிங் பேத்ட், ஹேவிங் ஈட்டன்' என்று அடுக்கினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஒரு பத்தியில் ஒரு 'ஹேவிங்' இருந்தாலே அதிகம் என்பது எங்கள் கணக்கு. பேச்சு நடையில் அதே பொருளுக்கு 'ஆஃப்டர்' இருக்கிறது: 'ஆஃப்டர் ரீடிங் த லெட்டர்'. 'ஆஃப்டர்' வந்தால் அதன் பின் 'இங்' வடிவம் வர வேண்டும், அல்லது எழுவாயோடு முழு வினை வர வேண்டும். 'ஆஃப்டர் ஃபினிஷ்ட் மை ஒர்க்' என்பதில் இரண்டுமே இல்லை.

செய்தவர் யார்?

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது: எச்சத்தைச் செய்தவரும் முற்றைச் செய்தவரும் ஒருவர்தானா? தொல்காப்பியம் இதை 'முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின' என்கிறது. செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று வாய்பாட்டு எச்சங்களும் தம் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் என்பது பொருள். இன்று நம் கையில் புழங்குவது 'செய்து' ஒன்றுதான். 'அவன் வந்து நான் போனேன்' என்று தமிழில் யாரும் சொல்லமாட்டார்கள்; 'அவன் வந்த பிறகு நான் போனேன்' என்போம். ஆங்கிலத்திலும் முன்னால் வரும் 'இங்' வினையைச் செய்தவர் அடுத்து வரும் எழுவாய்தான். இதுவரை இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன.

சிக்கல் வருவது தமிழ் விலக்குக் கொடுக்கும் இடங்களில். 'கால் வழுக்கி விழுந்தான்' என்பதில் வழுக்கியது கால், விழுந்தது ஆள். உறுப்பின் வினை அந்த உறுப்புக்குரியவர் மேல் முடியலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. 'கையிற்று வீழ்ந்தான்', அதாவது கை முறிந்து விழுந்தான் என்பது உரைகளில் வரும் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் 'ஸ்லிப்பிங் த ஃபுட், ஹி ஃபெல்' என்று எழுத முடியாது. காலை விட்டுவிட்டு ஆளையே எழுவாயாக்க வேண்டும்: 'ஹி ஸ்லிப்ட் அண்ட் ஃபெல்'.

அடுத்த விலக்கு காரணத் தொடர். 'மழை பெய்து குளம் நிறைந்தது', 'வெயில் அடித்துத் துணி காய்ந்தது'. எழுவாய் இரண்டு, ஆனால் ஒன்றால் மற்றொன்று நடந்தது என்பதால் தமிழ்க் காதுக்கு உறுத்துவதில்லை. 'ரெயினிங் ஹெவிலி, த டேங்க் ஃபில்ட்' என்று எழுதினாலோ குளமே மழை பெய்ததாக ஆகிவிடும். 'இட் ரெயின்ட் ஹெவிலி அண்ட் த டேங்க் ஃபில்ட் அப்' என்று இரண்டு எழுவாயையும் வெளிப்படையாகக் காட்டுங்கள்.

இவற்றைவிட அடிக்கடி ஏமாற்றுவது 'அவனுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஆள் வரும் வாக்கியம். 'மழையில் நனைந்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது.' நனைந்தவன் அவன். ஆனால் இலக்கணப்படி வாக்கியத்தின் எழுவாய் காய்ச்சல். தமிழில் பசி, கோபம், தூக்கம், சந்தேகம் எல்லாம் இப்படித்தான் ஒருவருக்கு 'வரும்'. இதை அப்படியே 'கெட்டிங் வெட் இன் த ரெயின், ஃபீவர் கேம் டு ஹிம்' என்று கொண்டுபோனால் காய்ச்சல் மழையில் நனைந்துவிடும். ஆளை எழுவாய் இடத்துக்கு ஏற்றி எழுதினால் சரியாகிவிடும்: 'ஹி காட் வெட் இன் த ரெயின் அண்ட் கேம் டவுன் வித் எ ஃபீவர்'. அதேபோல 'அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது' என்பது 'ஹியரிங் தட், ஐ காட் ஆங்ரி'. எழுவாய் 'ஐ' ஆனதும் 'இங்' தாராளமாக உட்கார்ந்துகொள்கிறது.

காலக் கணக்கு வாக்கியம் தனி ரகம். 'அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது' என்பதில் செயல்தொடரே கிடையாது. எச்சம் கணக்கின் தொடக்கப் புள்ளியை மட்டும் காட்டுகிறது. 'இட் ஈஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ் மை ஃபாதர் டைட்'. 'ஆகிறது' என்ற முற்றைப் பார்த்து இறப்பையும் நிகழ்காலத்தில் எழுதிவிடக்கூடாது. முற்றின் காலத்தைக் கடன் வாங்கும் விதி செல்லாத இடம் இது.

எல்லா எச்சமும் வரிசை அல்ல

'ஓடி வந்தான்' என்பதில் எத்தனை செயல்? முதலில் ஓடி, அப்புறம் வரவில்லை. ஓட்டமாக வந்தான், அவ்வளவுதான். 'ஹி ரான் அண்ட் கேம்' என்று எழுதினால் ஆங்கிலம் படிப்பவர் இரண்டு செயலைத் தேடுவார். 'ஹி கேம் ரன்னிங்' போதும். 'பள்ளிக்கு நடந்து போகிறாள்' என்பதற்கு 'ஷி வாக்ஸ் டு ஸ்கூல்'. இங்கே தமிழ் எச்சம் ஆங்கிலத்தில் முற்றாக ஏறிவிட, தமிழ் முற்றான 'போகிறாள்' வெறும் 'டு' ஆகச் சுருங்கிவிட்டது.

'கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைத்தார்' என்பதில் எச்சம் வழிவகையைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் 'பை' சேர்த்து 'பை ஒர்க்கிங் ஆஸ் எ லேபரர்' என்றால்தான் அந்த உறவு தெரியும்.

'சாப்பிட்டுப் பார்' என்பதில் 'பார்' கண்ணால் பார்ப்பதல்ல. ருசித்துப் பார்க்கச் சொல்வது. 'ட்ரை இட்' போதும். விடு, கொள், இரு, வை, பார் ஆகியவை எச்சத்துக்குப் பின்னால் வந்தால் அவை துணைவினையா தனிவினையா என்று ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். 'எழுதி வைத்தான்' என்பது 'ஹி ரோட் இட் டவுன்' என்ற ஒரே செயல். 'பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தான்' என்பதில் தூக்கியதும் வைத்ததும் இரண்டு செயல்.

பிரித்தறிய ஒரு கைவசச் சோதனை: எச்சத்தோடு 'விட்டு' சேர்த்துப் பாருங்கள். 'குளித்துச் சாப்பிட்டான்' என்பதைக் 'குளித்துவிட்டுச் சாப்பிட்டான்' என்றாலும் பொருள் மாறவில்லை. ஆகவே இது செயல்தொடர். 'அண்ட்' போடலாம், 'ஆஃப்டர்' போடலாம். 'ஓடி வந்தான்' என்பதை 'ஓடிவிட்டு வந்தான்' என்றால் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவன் ஆகிவிடுகிறான். பொருள் மாறினால் அது வரிசை அல்ல. விதம், வழிவகை, துணைவினை இவற்றில் ஒன்று.

இந்தச் சோதனை தோற்கும் இடமும் உண்டு. 'கத்தியை எடுத்துப் பழத்தை நறுக்கினான்' என்பது வரிசைதான், ஆனால் 'எடுத்துவிட்டு' என்றால் கத்தியை அங்கிருந்து அகற்றிவிட்டதாகத் தொனிக்கிறது. காரணம், எடுத்த கத்தி நறுக்கும்போதும் கையில்தான் இருக்கிறது. முதல் செயலின் பலன் இரண்டாவதிலும் தொடரும் இத்தகைய வாக்கியங்களில் 'விட்டு' ஒட்டாது. அப்போது சோதனையை விட்டுவிட்டு நேராகப் பொருளைப் பாருங்கள். 'ஹி டுக் எ நைஃப் அண்ட் கட் த ஃப்ரூட்' சரி.

ஒரு நீண்ட வாக்கியம்

'முருகேசன் விடியற்காலையில் எழுந்து, குளித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கி, பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான்.'

கூட்டுவினைகளை ஒன்றாக எண்ணினால் மொத்தம் 8 வினை, அதில் 7 எச்சம். கடைசி முற்று இறந்தகாலம். எல்லாவற்றுக்கும் எழுவாய் முருகேசன். நல்லவேளையாக அந்தத் தொல்லை இல்லை. இனி எச்சங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம்.

எழுந்து, குளித்து இரண்டும் தனிச் செயல்கள், வீட்டில் நடப்பவை. 'சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்' என்பது சைக்கிளில் போனதைத்தான் சொல்கிறது. 'ரோட்' என்ற ஒரே வினை போதும். வாங்கி என்பது தனிச் செயல். 'பையில் போட்டு' என்பதற்கு ஆங்கிலத்தில் வினையே வேண்டாம், 'இன் எ பேக்' என்று காய் வந்த விதமாகச் சொல்லிவிடலாம். 'கொண்டுவந்து கொடுத்தான்' என்பது 'ப்ராட் டு' என்று ஒன்றாகிறது.

இப்போது எங்கே வெட்டுவது என்று பார்க்க வேண்டும். வீட்டு வேலை ஒன்று, சந்தைப் பயணம் ஒன்று என்று வாக்கியமே இரண்டாகப் பிளக்கிறது. 'முருகேசன் காட் அப் அட் டான் அண்ட் பேத்ட். ஹி ரோட் ஹிஸ் பைசிக்கிள் டு த மார்க்கெட், பாட் டூ கிலோஸ் ஆஃப் பிரிஞ்சால் அண்ட் ப்ராட் தெம் ஹோம் இன் எ பேக் டு ஹிஸ் மதர்.' தமிழின் 8 வினை ஆங்கிலத்தில் 5 ஆகியிருக்கிறது, ஒரு வாக்கியம் இரண்டாகியிருக்கிறது. ஒரு செய்தியும் விடுபடவில்லை. இடம், நேரம், ஆள் இவற்றில் ஒன்று மாறும் இடம்தான் வெட்டுவதற்குத் தோதான இடம். எண்ணிக்கை பார்த்து மூன்று எச்சத்துக்கு ஒரு முறை வெட்டுவது கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது.

ஆங்கிலத்திலிருந்து திரும்பி வரும்போது

'ஷி ஓப்பன்ட் த விண்டோ அண்ட் லுக்ட் அவுட்' என்பதைப் பார்த்து 'அவள் ஜன்னலைத் திறந்தாள் மற்றும் வெளியே பார்த்தாள்' என்று எழுதுவதை இன்று பல இடங்களில் காண்கிறோம். இரண்டு முற்றுகளுக்கு நடுவே 'மற்றும்' போட்டால் தமிழ் முறிகிறது. முதல் வினையை எச்சமாக்கினால் அந்த 'அண்ட்' தானே கரைந்துவிடும்: 'ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள்'.

வாக்கியத்தின் வாலில் வரும் 'இங்' பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 'த பிரிட்ஜ் கொலாப்ஸ்ட், கில்லிங் ஃபைவ் பீப்பிள்' என்பது செய்தி ஆங்கிலத்தில் தினமும் வரும் அமைப்பு. 'இங்' கண்டதும் அதை எச்சமாக்குகிறவர் '5 பேரைக் கொன்று பாலம் இடிந்தது' என்று எழுதிவிடுவார். தமிழில் இப்படி வரும் எச்சம் முந்திய செயலாகவே படும். அதனால் பாலம் முதலில் ஆளைக் கொன்றுவிட்டு அப்புறம் இடிந்ததாகிறது. ஆங்கிலத்தில் வாலில் வரும் 'இங்' பெரும்பாலும் விளைவையோ உடன்நிகழ்வையோ சொல்வது. விளைவு என்றால் அதை முற்றாக்கி, ஆங்கில முற்றை முன்னால் இறக்குங்கள்: 'பாலம் இடிந்து விழுந்ததில் 5 பேர் இறந்தனர்'. உடன்நிகழ்வு என்றாலும் இதே இடமாற்றம் கைகொடுக்கும். 'ஷி ஸ்டுட் அட் த டோர், வெயிட்டிங் ஃபார் ஹிம்' என்பது 'வாசலில் நின்று அவனுக்காகக் காத்திருந்தாள்' ஆகும்.

முன்னால் வரும் 'இங்' கூட எல்லா இடத்திலும் 'செய்து' ஆகாது. 'விசிலிங், ஹி வாக்ட் ஹோம்' என்பதில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் 'விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்' என்று 'கொண்டே' வேண்டும். 'சீயிங் த பஸ், ஹி ரான்' என்பதற்கு 'பஸ்ஸைப் பார்த்து ஓடினான்' என்றால் பஸ் இருந்த பக்கமாக ஓடினான் என்றும் படும். 'பஸ்ஸைப் பார்த்ததும் ஓடினான்' என்றால் குழப்பம் இல்லை.

எழுதும்போது ஒற்றையும் கவனியுங்கள். 'ஓடி', 'போய்' போல இகரத்திலோ யகரத்திலோ முடியும் எச்சத்துக்குப் பின்னும், 'கேட்டு', 'படித்து' போல வன்தொடர்க் குற்றியலுகரமாக முடிவதற்குப் பின்னும் வல்லினம் மிகும்: ஓடிப் போனான், போய்ப் பார்த்தான், கேட்டுச் சொன்னான். 'வந்து', 'செய்து' ஆகியவற்றின் பின் மிகாது: வந்து பார்த்தான், செய்து கொடுத்தான். நடுவில் காற்புள்ளி வைத்தால் எங்கும் ஒற்று வேண்டாம்.

எதிர்மறை எங்கே போய் ஒட்டுகிறது?

'அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள். வந்தான், ஆனால் சாப்பிடவில்லை என்பது ஒன்று. அவன் வரவும் இல்லை, சாப்பிடவும் இல்லை என்பது மற்றொன்று. கடைசியில் வரும் 'இல்லை' முற்றோடு நிற்கலாம், எச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். முதல் பொருளுக்கு 'ஹி கேம் ஹோம் பட் டிட் நாட் ஈட்', இரண்டாவதற்கு 'ஹி டிட் நாட் கம் ஹோம் டு ஈட்'. வந்தானா இல்லையா என்பதை முன்பின் வாக்கியங்களில் தேடுங்கள். அங்கும் விடை இல்லையென்றால் எழுதியவரிடம் கேட்டுவிடுவதே மேல். எச்சமே எதிர்மறையானால் இந்தத் தடுமாற்றம் வராது: 'சாப்பிடாமல் போனான்' என்பதற்கு 'ஹி லெஃப்ட் விதவுட் ஈட்டிங்' என்று நேராக எழுதிவிடலாம்.